ஐந்து மதிப்பெண்ணும் ஆறால் வகுபடும் எண்ணும்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் கணிதம் கற்பிக்கும் தனியார் கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. ஒருவர் திருத்திய விடைத்தாள்களில் சிலவற்றை இன்னொருவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அந்த முறை எனக்கு வந்தவை, தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்து சேர்ந்த ஆசிரியர் திருத்தியவை. நிரூபணக் கேள்வியையும் அதற்கான மதிப்பெண் திட்டத்தையும் அமைத்தவர் அவர்தான்.

எந்த மிகை முழு எண்ணின் கனத்திலிருந்தும் அதே எண்ணைக் கழித்தால், விடை ஆறால் வகுபடும் என்று நிரூபிக்க வேண்டும். அவர் திட்டம் இண்டக்ஷன் என்கிற தொகுத்தறிதல் முறையில் இருந்தது. ஒன்று என்ற எண்ணுக்குச் சரிபார்த்தால் ஒரு மதிப்பெண். k என்ற எண்ணுக்கு உண்மை என்று எடுத்துக்கொண்டால் ஒன்று. அடுத்த எண்ணுக்கான கோவையை விரித்து, அதற்குள் பழைய கோவையைப் பிரித்துக் காட்டினால் ஒன்று. மிஞ்சும் 3k(k+1) ஏன் ஆறால் வகுபடும் என்ற காரணத்துக்கு ஒன்று. முடிவுரைக்கு ஒன்று.

ஒரு தாளில் இவை எதுவும் இல்லை. அந்தக் கோவையை (n−1), n, (n+1) என மூன்றின் பெருக்கமாகப் பிரித்திருந்தது. மூன்றும் அடுத்தடுத்த எண்கள். அவற்றில் ஓர் இரட்டை எண்ணாவது இருக்கும், ஒன்று மூன்றின் மடங்காக இருக்கும். ஆகவே பெருக்கம் ஆறால் வகுபடும். நான்கே வரி. பக்கத்தில் சிவப்பு மையில் பூஜ்யம்.

நான் தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"சார், இது சரியாத்தானே இருக்கு?"

வாசித்தார். "சரிதான் மேடம். ஆனா ஸ்கீம்ல இந்த ஸ்டெப் எதுவுமே இல்லையே. நடத்தினது இண்டக்ஷன் பாடம்."

"கேள்வியில இண்டக்ஷன்னு எழுதலையே சார். நிரூபின்னு மட்டும்தான் இருக்கு."

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த மாசம் என் காண்ட்ராக்ட் ரினியூவலுக்குப் போகுது. இப்ப போய் ஸ்கீம் தப்புன்னு சொன்னா என்ன நினைப்பாங்க?"

பூச்சோங்கில் ஒரு வாடகை வீட்டில் மனைவியும் கைக்குழந்தையுமாக இருந்தார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் அந்தத் தாளை அப்படியே விட என்னால் முடியவில்லை.

"முதல்ல இதுக்கு எப்படி மார்க் பிரிக்கலாம்னு பார்ப்போம் சார்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பேனாவைக் கையில் எடுத்ததும் அவர் முகத்திலிருந்த பயம் விலகியது. காரணிப்படுத்தியதற்கு ஒன்று. அடுத்தடுத்த எண்கள் என்று கண்டதற்கு ஒன்று. இரண்டால் வகுபடும் காரணத்துக்கு ஒன்று, மூன்றால் வகுபடுவதற்கு ஒன்று. ஐந்தாவதற்கு நான் முடிவுரையைச் சொன்னேன். அவர் மறுப்பாகத் தலையசைத்தார்.

"வெறும் முடிவு போதாது மேடம். ரெண்டுக்கும் மூணுக்கும் ஒன்னைத் தவிர பொதுக் காரணி இல்லன்னு சொல்லணும். பன்னெண்டு நாலாலயும் ஆறாலயும் வகுபடும், இருபத்தினாலால வகுபடாது இல்லையா? அந்தக் காரணத்தோட முடிச்சாத்தான் கடைசி மார்க்."

தாளில் அது இல்லை. ஐந்துக்கு நான்கு.

அதன்பின், என்ன நினைப்பார்கள் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. தாளையும் புதிய திட்டத்தையும் எடுத்துக்கொண்டு துறைத்தலைவரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். செராஸிலிருந்து தினமும் நெரிசலில் கார் ஓட்டி வருகிற அம்மையார் அவர். காலையில் அதிகம் பேசமாட்டார். இரண்டு திட்டங்களையும் வரிவரியாகப் படித்தார்.

"கேள்வியை நானும்தானே செக் பண்ணேன். எனக்கும் தோணலையே," என்றார். "ரெண்டு மெத்தடையும் ஸ்கீம்ல போட்டுடுங்க சார். இந்தக் கேள்வியை மட்டும் எல்லா ஸ்கிரிப்ட்லயும் திரும்பப் பார்த்துடலாம் லா. ரிசல்ட் இன்னும் போகல."

அவ்வளவுதான்.

மறுபார்வையில் இன்னும் சிலருக்கு மதிப்பெண் ஏறியது. ஒரு தாளில் இறங்கவும் செய்தது. அடுத்த எண்ணுக்கும் வகுபடும் என்று விரித்துக் காட்டாமலே எழுதி, முடிவுரையை அழகாக முடித்திருந்த பையனுக்கு முதலில் மூன்று கிடைத்திருந்தது, இப்போது இரண்டுதான். நிரூபிக்காததை முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று, முதலில் திருத்திய அந்த ஆசிரியரே குறைத்தார். அதைச் செய்ய அவருக்கு மனம் கஷ்டப்பட்டது. இரண்டு தடவை தாளைத் திருப்பிப் பார்த்தார்.

முடிவுகள் வந்ததும் நான்கு வரியில் எழுதிய மாணவி, கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிற பெண், ஆசிரியர் அறைக்கு வந்தாள். "சார், அந்த ஒரு மார்க் எங்க போச்சு?" என்றாள். அவர் பன்னிரண்டைக் காட்டி விளக்கினார். அவள் கொஞ்சம் யோசித்து, "ஆமா சார், அதை எழுதியிருக்கணும்," என்று ஒத்துக்கொண்டு போனாள். பூஜ்யத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

அவர் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. அடுத்த தேர்வுக்குக் கேள்வி அமைத்தபோது, அச்சுக்குப் போகும் முன் என்னிடம் தாளைக் கொடுத்து, "வேற வழியில போட்டுப் பாருங்க மேடம்," என்றார்.