ரெண்டு சி.சி. ஊசி

எனக்கு அந்தக் காலத்தில் வாய் அதிகம். ஒன்று சரி என்று நினைத்துவிட்டால் வகுப்பே திரண்டு வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். திண்டுக்கல்லில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாவது படித்தபோது, அப்படிப்பட்ட என்னை ஒருத்தி ஒரு ஊசியை வைத்து அடக்கினாள்.

அவள் பேகம்பூரிலிருந்து வருவாள். அப்பாவை அத்தா என்பாள்; அவர் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கை சூம்பிப்போயிருந்தது. எழுதுவது இடது கையால். வலது கையால் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பாள், அவ்வளவுதான். நான் சின்னாளபட்டியிலிருந்து பஸ்ஸில் வருபவள். முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததால் சிநேகமாகிவிட்டோம்.

அந்த வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். கல்வி அதிகாரி பார்க்க வருகிறார் என்றார்கள். மருந்து வாடையில் வளர்ந்தவள் அவள் அல்லவா, ஊசிகளை வைத்தே சுமை தூக்கும் கை ஒன்று செய்யலாம் என்றாள். டாக்டர் ஒதுக்கிவிட்ட கண்ணாடி ஊசிகள் நான்கை அத்தாவிடம் கேட்டு வாங்கி வந்தாள். இரண்டு சி.சி. அளவில் இரண்டு, இருபது சி.சி. அளவில் இரண்டு. ஊசி முனைகளை அத்தா கழற்றிவிட்டிருந்தார்.

சாதனம் இதுதான். ஒரு ஊசியிலிருந்து மற்றொன்றுக்கு ரப்பர் குழாய். உள்ளே கிளிசரின் கலந்த தண்ணீர். இந்தப் பக்கத்து ஊசிக்குள் ஏறி இறங்கும் தண்டை அமுக்கினால் தண்ணீர் அந்தப் பக்கம் போய் அங்குள்ள தண்டை மேலே தள்ளும். அந்தத் தண்டின் மேல் ஒரு மரச்சட்டம், ஒரு முனையில் கீல் போட்டது. அந்தச் சட்டத்துக்குத்தான் 'கை' என்று பெயர் வைத்தோம். தண்டு கையின் நடுவில் முட்டும். மறு முனையில் எடைக்கல் உட்காரும். குழாய் கழன்று வராமல் இழுத்துக் கட்டியது என் வேலை. சுங்குடிப் புடவைக்குச் சாயம் ஏற்றுமுன் நூலால் புள்ளி முடிந்து பழகிய விரல்கள். நான் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பல் வேண்டும்.

எந்த ஊசியை அமுக்குவது என்பதில்தான் சண்டை வந்தது.

"பெருச அமுக்குனாத்தான புள்ள பலம் வரும்? இம்புட்டூண்டு ஊசியில என்ன இருக்கு?" என்றேன்.

"வச்சுப் பாப்போம்" என்றாள். அவள் வாதாடுகிற ரகமில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

எதிர்த்த மளிகைக் கடையில் எடைக்கல் இரவல் வாங்கி வந்தோம். கையின் முனையில் ஒரு கிலோ. முதலில் இரண்டு பக்கமும் இருபது சி.சி. வைத்து, அமுக்கும் தண்டின் மேல் தகர மூடியை வைத்துக் கல்லாக ஏற்றினாள். தண்டு கையின் நடுவில் முட்டுவதால் இரண்டு மடங்கு கேட்டது; இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் போனதும் கை எழுந்தது. அடுத்து என் யோசனை: பெரியதை அமுக்கி, சின்னதால் தூக்குவது. இரண்டு கிலோ, நான்கு, ஆறு. கை அசையவே இல்லை. எட்டைத் தாண்டிய பிறகு கை விருட்டென்று எழுந்து, கற்கள் சரிந்து என் காலருகே விழுந்தன. கடைசியாகச் சின்னதை அமுக்கி, பெரியதால் தூக்குவது. அரைக் கிலோ வைத்து, மேலே ஒரு ஐம்பது கிராம் வைத்தாள். ஒரு கிலோ கல் சத்தமில்லாமல் எழுந்தது.

நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். சின்ன ஊசியின் உள்வாய் ஒரு செண்டிமீட்டர் அகலம், பெரியது இரண்டு. அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. தண்ணீரின் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றே. பரப்பு நான்கு மடங்கான இடத்தில் பலமும் நான்கு மடங்கு. பாடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவள்தான் நான். இருந்தாலும் விட மனசில்லை.

"ஒரு விரக்கடைதான தூக்குது" என்றேன்.

"ஆமா. பலம் வேணும்னா தூரத்த விட்டுக்குடுக்கணும்ல. ரெண்டும் சேத்துக் கெடைக்காது" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் சயன்ஸ் டீச்சர் வந்து பார்த்தார். மனசு நிறைந்து பாராட்டினார். பிறகு என்னைக் காட்டி, "அமுக்குறத நீ அமுக்கு. அவ விளக்கிச் சொல்லட்டும்" என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. "நானே அமுக்குறேன் டீச்சர். இந்தக் கையால" என்று வலது கையைச் சற்று நீட்டினாள்.

"வேணாம்மா. வர்றவங்க உன் கையப் பாத்துப் பாவம்பாங்க. நீ செஞ்சதப் பாக்க மாட்டாங்க."

டீச்சர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்ததும் அவள் என்னிடம், "இந்தக் கையால ஒரு கிலோவத் தூக்க முடியாது. அதுக்குத்தான் இதச் செஞ்சேன்" என்றாள். நான் டீச்சரிடம் சண்டைக்குப் போயிருக்க வேண்டும். எதற்கெல்லாமோ வாயாடிய நான் அதற்கு வாயைத் திறக்கவில்லை. எல்லார் முன்னாலும் அமுக்கிக் காட்ட எனக்கும் ஆசை இருந்தது. வெட்கக்கேடுதான்.

மறுநாள் காலை அவள் வருவதற்குள் நான் ஊசிகளைக் கழற்றிப் பளபளவென்று கழுவி, மறுபடி மாட்டிவைத்தேன். மேசையில் இரண்டு சாதனங்கள்: சின்னதை அமுக்குவது ஒன்று, பெரியதை அமுக்குவது ஒன்று.

அதிகாரி வந்தார். நான் தாவணியைச் செருகிக்கொண்டு சின்ன ஊசியை அமுக்கினேன். கை எழுந்தது, பாதியிலேயே இறங்கத் தொடங்கியது. தண்டின் ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. இன்னும் அமுக்கினேன், இன்னும் கசிந்தது.

"என்னம்மா, தூக்குன வேகத்துல எறங்குது?" என்றார் அதிகாரி.

டீச்சர் என்னை முறைத்தார். அவள் குனிந்து பார்த்துவிட்டு என் காதருகே, "நம்பர் பாத்துப் போட்டியா?" என்றாள்.

என்ன நம்பர்? அப்போதுதான் காட்டினாள். கண்ணாடி ஊசியில் வெளிக் குழலிலும் உள்ளே போகும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். அந்தத் தண்டு அந்தக் குழலுக்கென்றே தேய்த்தது; வேறொன்றுக்குச் சேராது. ஊசிகளைக் கொதிக்கவைத்து எடுத்ததும் ஜோடி சேர்ப்பதுதான் அவள் அத்தாவின் முதல் வேலையாம். நான் இரண்டு சின்ன ஊசிகளின் தண்டுகளை மாற்றிப் போட்டிருந்தேன். ஒன்று தளர்ந்து கசிந்தது. மற்றது இறுகிப்போய் நகரவில்லை.

"அஞ்சு நிமிஷம் சார்" என்றாள் அவள். தண்டுகளை மாற்றி, எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீருக்குள் முக்கி, காற்றுக் குமிழ் ஒன்று விடாமல் தட்டி வெளியேற்றினாள். இடது கையால் தண்டைப் பொருத்தினாள். நான் முடிச்சுப் போட்டேன். போட்டு முடித்ததும் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டீச்சர் கண்ணால் ஜாடை காட்டினார். "என்னால முடியாது டீச்சர், அவதான் அமுக்கணும்" என்றேன் சத்தமாக.

அவள் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலின் அடியைத் தண்டின் மேல் வைத்து, உடம்பைச் சாய்த்து அமுக்கினாள். ஒரு கிலோ கல் எழுந்து, நின்றது. கீழே இறங்கவில்லை.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குனிந்தார். பக்கத்துச் சாதனத்தில் பெரிய ஊசியைத் தானே ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம். "ஏன் வரல?" என்றார். அவள் ஸ்கேலை எடுத்து விளக்கத் தொடங்கினாள். அவர் கேட்க, அவள் சொல்ல, கூட்டம் கூடிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் ஊசியைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், இன்னொரு தடவை தூக்கச் சொன்னார்கள்.

அவள் கையை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது டீச்சரும் நானும்தான்.