ஒரு சொட்டு கூட விழாது

என் அக்கா புருஷன் பெயிண்டர். "என் கைவேலையில ஒரு சொட்டு கூட விழாது" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அதனாலேயே ஊரில் அவருக்கு 'சொட்டு' என்று பேர். அந்தப் பேரைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

உண்மையில் அவர் பெயிண்ட் உருளையைத் தூக்கினால் அறைக்குள் மழை பெய்யும். கூரைக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்ட் எதையும் விட்டுவைக்காது, ஜன்னல் கண்ணாடி, அலுமினியச் சட்டம், தாழ்ப்பாள், அவருடைய மீசை உட்பட. அப்புறம் எப்படி வேலை கொடுக்கிறவர்களிடம் அந்தப் பீற்றல் எடுபடுகிறது? அக்காவால். வீட்டுச் சொந்தக்காரர் பார்க்க வருவதற்குள் அவள் ஒரு வாளியோடு உள்ளே போய், எல்லாப் புள்ளியையும் எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. பெருமை அவருக்கு, முதுகுவலி இவளுக்கு.

அவள் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் விரல் நுனியால் கண்ணாடியைத் தடவுவாள், மண் தட்டுப்படுகிறதா என்று. இருந்தால் கழுவுவாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்து கண்ணாடியில் தெளித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். காய்ந்த பெயிண்ட் ஊறி இளகும் வரைக்கும் காத்திருக்கிற பொறுமை எங்கள் குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான் உண்டு. அப்புறம் புது பிளேடு. படுக்க வைத்த மாதிரி சாய்த்துப் பிடித்து முன்பக்கமாகத் தள்ளுவாள், எடுப்பாள், துடைப்பாள், மறுபடி தள்ளுவாள். பின்னால் இழுக்கவே மாட்டாள். பிளேடுக்கு அடியில் ஒரு துகள் மாட்டினாலும் கோடு விழுந்துவிடும் என்பாள். சட்டத்தில் பிளேடைக் கொண்டுபோகவே மாட்டாள். ஈரத்துணியைப் போர்த்தி வைத்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் ஓரத்தால் புள்ளியை நெம்பி எடுப்பாள். சந்துபொந்துக்கு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்.

"ஏன்யா, பேப்பரை ஒட்டி மூடிட்டு அடிச்சா என்ன?" என்று அவள் கேட்காத நாளில்லை.

"மூடிட்டு அடிக்கிறவன் கத்துக்குட்டி. நான் யாருன்னு நெனச்ச?" என்பார் மாமா.

போன மாதம் அவள் வலது மணிக்கட்டு வீங்கிப் போனது. தோசைக்கரண்டி கூடப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் பட்டையைக் கட்டிவிட்டு, "இந்தக் கையால எதையாவது சுரண்டினா அப்புறம் ஆபரேஷன்தான். அதுக்குப் பிறகும் பழையபடி வரும்னு சொல்ல முடியாது" என்றார். தையல் மெஷினில் உட்கார்ந்து பிழைக்கிறவள் நான், கை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாமா கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "அப்போ நாளைக்கு அந்தப் பெரிய வீட்டு ரூமு?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ கூடப் போ. இந்த மனுஷனை கண்ணாடிகிட்ட மட்டும் விடாத." போனேன்.

படுக்கையறை வேலை முடிந்தது. மாமா வழக்கம்போல் எதையும் மூடவில்லை. காபி நிறச் சட்டம் முழுக்க வெள்ளைப் புள்ளி. நான் சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டு நின்றேன்.

"என்ன வேடிக்கை பாக்குற?"

"ஊறணும் மாமா."

"ஊற வைக்க இது என்ன அழுக்குத் துணியா? தள்ளு!"

என்னை ஒதுக்கிவிட்டு, நான் அடித்திருந்த தண்ணீரையும் துடைத்துப் போட்டுவிட்டார். வழுக்குகிறதாம். பையிலிருந்து துரு ஏறிய பிளேடு ஒன்றை எடுத்து, காய்ந்த கண்ணாடியில் முன்னும் பின்னுமாகச் சரக் சரக்கென்று இழுத்தார். சட்டத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். "வேணாம் மாமா" என்று நான் கத்தியது அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. "பாத்தியா, இதுக்குப் போய் உங்கக்கா அரை நாள் எடுத்துக்குவா" என்று மீசையை நீவினார். மீசையிலும் வெள்ளை.

சாயங்காலம் வெயில் நேராக உள்ளே விழுந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா வந்தார். கண்ணாடி முழுக்கக் கோடு கோடாக மின்னியது. சட்டத்தில் நார் பட்ட இடமெல்லாம் நிறம் போய்ப் பல்லிளித்தது.

"என்னங்க இது?"

"கம்பெனியிலேயே அப்படித்தாம்மா வந்திருக்கும். மட்டமான கண்ணாடி."

அந்தம்மா எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். அதே கண்ணாடி, அதே சட்டம். போன வருஷம் மாமா அடித்த அறை. வெயில் அதிலும் விழுந்தது. ஒரு கீறல் இல்லை.

"இதை சுத்தம் பண்ணினது யாரு?"

மாமா கூரையைப் பார்த்தார். "எங்கக்கா" என்றேன் நான். நாக்கு தினவெடுத்துக் கிடந்தது, சும்மா இருக்க முடியவில்லை.

"சரி. அந்த ரூம் கண்ணாடியையும் சட்டத்தையும் மாத்திக் குடுத்துடுங்க. ஹாலு பாக்கி இருக்கு, அதுக்கு அவங்க வந்தாத்தான் வேலை. இல்லைன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

வீடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றியதும் மாமா நேராக அக்காவிடம் போனார். "ஒரே ஒரு ஹாலு. நீ வந்துட்டா போதும். இடது கையால கூட..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நிதானமாகக் கட்டுப் போட்ட கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"வரேன். ஆனா சுரண்ட மாட்டேன். நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். கண்ணாடியை நீ மூடுற. இல்ல, வேலை போனா போகட்டும்."

மறுநாள் மாமா முதல் முறையாகக் கடையில் ஒட்டு டேப் கேட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார் போலிருக்கிறது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஹாலில் அக்கா உட்கார்ந்து பார்க்க, சட்டத்தின் ஓரம் பிசகாமல் டேப்பை ஒட்டி, பழைய செய்தித்தாளால் மூன்று ஜன்னலையும் மூடினார். திட்டிக்கொண்டே மூடினார், ஆனால் ஒழுங்காக மூடினார். பிறகு கூரையும் சுவரும் அடித்தார். வழக்கம்போல் மழை.

கடைசிப் பூச்சு அடித்து முடித்ததும், டேப் ஓரத்தில் பெயிண்ட் முழுசாகக் காய்வதற்கு முன்னால் உரிக்கச் சொன்னாள் அக்கா. முதல் ஜன்னலை அவளே இடது கையால் உரித்தாள். செய்தித்தாள் முழுக்கப் புள்ளி. அடியில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அவள் விரலால் தடவினாள். பழக்கம். மூலை முடுக்கெல்லாம் தடவினாள். ஒன்றுமில்லை. மாமா பல்லைக் காட்டினார். "நான் சொல்லல? என் வேலையில ஒரு சொட்டு கூட விழாது."

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்தச் செய்தித்தாளைக் கசக்கியபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"மூட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி நேரம்" என்றார் மாமா, பெருமையாக.

"அரை மணி நேரம்தானா?" என்றாள். "இந்த அரை மணி நேரத்துக்காய்யா என் கையைத் தின்ன?"

மாமாவின் பல் உள்ளே போனது. போய் மற்ற இரண்டு ஜன்னலையும் அவரே உரித்தார்.