வாசம் மாறினால் அணைத்துவிடு

காரட்டைப் பூவாகச் செதுக்கி மீன் குழம்பின் மேல் வைக்கலாம் என்று முதன்முதலில் யோசித்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கீழ்வேளூர்ப் பக்கம் மட்டும் வராமல் இருக்கட்டும். மெஹராஜ் மெஸ்ஸின் பழைய மெனு அட்டையில் அந்தக் காரட் பூதான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே டியூப்லைட் எரிய, யாரோ போனில் எடுத்த படம். எவர்சில்வர் தட்டின் விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு. குழம்பு ஆறி ஆடை கட்டியிருந்தது. சோறு கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்த சுண்ணாம்புக் கட்டி. அதைப் பார்த்தால், வந்த பசியும் வாசலோடு திரும்பிப் போய்விடும்.

அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துக் கொடுக்கத்தான் செவ்வந்தி வந்திருந்தாள். திருவாரூரில் ஒரு ஸ்டூடியோவில் பதினோரு வருஷம் கல்யாண ஆல்பத்துக்கு நிறம் சரிசெய்தவள். மாப்பிள்ளையின் கழுத்துக் கறுப்பையும் பெண்ணின் அழுத கண்ணையும் ஒரே மாலையில் துடைத்துவிடுவாள். கல்யாணக்காரர்கள் எல்லாம் ட்ரோனைத் தேடிப் போனதும் ஸ்டூடியோ இளைத்துவிட்டது. சரி, ஊருக்கு ஊர் புதிதாக மெஸ் முளைக்கிறது, எல்லாவற்றுக்கும் மெனு வேணும், போர்டு வேணும் என்று சாப்பாட்டுப் படத்துக்கு இறங்கினாள். நன்றாகவே வந்தது. இந்த அட்டை சரியாக அமைந்தால் நாகை ரோட்டில் இன்னும் நாலு கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள். மெஸ்ஸை நடத்துகிற மெஹராஜ் பேகத்தின் வாய்க்கு அந்த ரோட்டில் அவ்வளவு மதிப்பு.

ஒரே ஒரு விஷயம். செவ்வந்திக்கு வாசனை தெரியாது.

கொரோனா வந்து படுத்தாள் இல்லையா, அதில் போன மூக்கு. எல்லோருக்கும் திரும்பியது, இவளுக்குத் திரும்பவில்லை. மல்லிகை, பினாயில், கருவாடு, குழந்தையின் தலை எல்லாம் ஒன்றுதான். நாக்கில் புளிப்பும் உப்பும் காரமும் நிற்கும், அவ்வளவு. புருஷன் மதிவாணனுக்கு மட்டும்தான் தெரியும். நெல் அறுப்பு மெஷின் ஓட்டுகிற ஆள், அவன் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்குவதே கஷ்டம், அதனால் ரகசியம் பத்திரமாக இருந்தது. மோந்து பார்க்கத் தெரியாதவளை எந்தச் சமையல்காரர் சாப்பாட்டுப் பக்கம் விடுவார்? தெரிந்தால் பிழைப்பு போச்சு என்று அவள் உறுதியாக நம்பினாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன், நம்ம ஊர் அப்படித்தான்.

ஆனால் மூக்கு போனதிலிருந்து அவளுக்கு ஆவி மேல் ஒரு கிறுக்கு வந்துவிட்டது. டீ டம்ளரிலிருந்து எழுகிற ஆவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். வாசம் போகிற வழி அதுதானே, கண்ணுக்காவது தெரிகிறதே என்று இருக்கும் அவளுக்கு. கனவிலும் சில நாள் ஆவிதான் வரும். பெரிய வயல் மாதிரி வெள்ளையாகப் பரந்து கிடக்கும், அதற்குள் அவள் நடந்துபோவாள், எதுவும் மணக்காது, ஆனாலும் பயமாக இருக்காது.

மார்கழிக் காலை. ஆவி பிடிக்க அதுதான் நேரம். வெயில் ஏறினால் சூடு சோற்றிலிருந்து எழுகிற ஆவி கண்ணுக்கே தெரியாது. காற்று குளிர்ந்திருக்க வேண்டும், பின்னால் கறுப்பாக இருக்க வேண்டும், வெளிச்சம் பின்பக்கச் சாய்வில் வர வேண்டும். மெஸ்ஸின் கொல்லைக் கதவு வாய்க்காலைப் பார்த்தது. அதற்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி மேஜையைப் போட்டு, கதவு வெளிச்சம் ஒரு பக்கத்துப் பின்னாலிருந்து விழும்படி வைத்து, நேர் பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டாள். பளபளக்கிற மேஜை மேல் கிடங்கிலிருந்த பழைய மாமரப் பலகையைக் கிடத்தினாள். இன்றைக்கும் தட்டில் வைக்கச் செதுக்கி வைத்திருந்த காரட் பூவைக் கையால் எடுத்துக் கோழிக்குப் போட்டாள். கோழியும் தின்னவில்லை.

மெஹராஜ் பேகம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். படத்துக்கென்று சோற்றில் கண்டதையும் தடவக் கூடாது. எடுத்து முடித்ததும் யாராவது உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். மற்ற கடைகளில் செவ்வந்தி தட்டுக்குப் பின்னால் கொதிநீரில் நனைத்த பஞ்சை ஒளித்துவைத்து ஆவி காட்டியதுண்டு, குழம்பின் மேல் கிளிசரின் தடவியதுண்டு. இங்கே அது நடக்காது. அடுப்பில் கொடுவா மீன் குழம்பு சின்னத் தீயில் இருக்கட்டும், சோறும் குழம்பும் சுடச்சுட மாற்றி மாற்றி வைத்து எடுப்போம் என்று பேசி வைத்தார்கள்.

எல்லாம் ஆனபிறகு பார்த்தால் வாழை இலைதான் சரியில்லை. தட்டின் மேல் வட்டமாக நறுக்கிய இலை போட்டால்தான் எவர்சில்வர் கூசாது. நேற்றைய இலையின் ஓரம் கறுத்திருந்தது. கொத்தாகக் கறிவேப்பிலையும் வேண்டும், வாடினது படத்தில் காகிதம் மாதிரி தெரியும் என்றாள் செவ்வந்தி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் தோட்டம் இருக்கிறது, நானே போய் அறுத்துவருகிறேன் என்று மெஹராஜ் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்:

"அடுப்பைப் பாத்துக்கம்மா. வாசம் மாறுனா அணைச்சிடு."

உலகத்தில் எந்தச் சமையல்கட்டிலும் சொல்கிற சொல். வாசம் தெரியாது என்று செவ்வந்தி அப்போதே சொல்லியிருக்கலாம், இரண்டே வார்த்தை. "சரிங்க லாத்தா" என்றாள்.

கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டு தரம் போய்ப் பார்க்கவும் செய்தாள். குழம்பு சின்னச் சின்னதாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மேலே சிவப்பு எண்ணெய் பிரிந்து மிதந்தது. அடியில் என்ன நடக்கிறது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? பழைய இலையிலேயே ஒரு தட்டு வைத்து வெளிச்சத்தைச் சோதிக்கலாம் என்று கொஞ்சம் எடுத்துவந்தாள். சோற்றை அமுக்காமல் முள்கரண்டியால் பருக்கை பருக்கையாகக் கிளறி உதிர்த்துக் குவித்தாள். ஒரு மீன் துண்டைத் தோல் பக்கம் மேலே வரும்படி சாய்த்தாள். குழம்பின் மேல் அதன் எண்ணெயையே பிரஷ்ஷால் தொட்டு ஒரு தடவு. கேமரா பக்கம் போய்க் குனிந்தாள்.

அப்போது பார்த்து வெயில் வந்தது. வாய்க்கால் மேல் பனி கலைந்து, மஞ்சளாக ஒரு கீற்று கதவு வழியாக நுழைந்து தட்டைப் பின்னாலிருந்து தொட்டது. கறுப்புப் போர்வைக்கு முன்னால் ஆவி எழுந்தது. மெல்ல, நின்று, ஒரு பக்கம் சாய்ந்து. செவ்வந்தி தன்னை மறந்தாள். அப்படி ஒரு ஆவியை அவள் எடுத்ததே இல்லை. எடுக்க எடுக்க அது குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. வழக்கமாக ஒரு நிமிஷத்தில் கரைந்துபோகிறது, இன்றைக்குக் காற்றில் படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. திரையில் பார்த்தால் லேசாக நீலம். நிழலின் நீலம்தான் ஏறுகிறது என்று நினைத்து நிறத்தைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சூடாக்கிக்கொண்டாள். பதினோரு வருஷ அனுபவம், பாருங்கள், கைகொடுக்கிற இடத்தில்தான் காலையும் வாரிவிடும். கனவில் வரும் அந்த வெள்ளை வயலுக்குள் நடக்கிற மாதிரியே இருந்தது அவளுக்கு. சந்தோஷத்தில் கண் கலங்கியது. புகை என்றால் கண் கலங்கத்தானே செய்யும்.

கொல்லைக் கதவில் இலைக்கட்டு விழுந்த சத்தம் கேட்டது. மெஹராஜ் பேகம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி அடுப்பை அணைத்தார். சட்டி அடி கரிக்கட்டை. தெருமுனைக்கே நாறுகிறது என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் கேட்டாள். மெஹராஜ் பேகம் திரும்பிவந்து, கேமராவைப் பிடித்துக்கொண்டு மலங்க மலங்க விழித்து நிற்கிறவளைப் பார்த்தார். திரையையும் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இது குழம்போட ஆவி இல்லம்மா. கரிஞ்ச புகை."

முக்காட்டு நுனியால் புகையைக் கதவுப் பக்கம் விசிறினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு வாசம் தெரியாதா?"

தெரியாது என்று செவ்வந்தி தலையை ஆட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், போன மூக்கு, பயம், வெளியே யாருக்கும் சொல்லாதது. சொல்லிவிட்டுக் கேமராவைப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அழுதாள்தான், அதில் மறைக்க என்ன இருக்கிறது. மெஹராஜ் பேகத்துக்குக் கோபம் வந்தது. காலையில் நாகையிலிருந்து வந்த நல்ல மீன், பாதி போச்சு. ஆனால் அவர் கோபம் வேறு இடத்தில் இருந்தது.

"சொல்லியிருந்தா அடுப்பை நானே அணைச்சிட்டுப் போயிருப்பேனே. இதுக்கா இவ்வளவு?"

கேமராப் பையை அவள் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தார்.

மெஹராஜ் பேகம் மீதி மீனை எடுத்துப் புதுச் சட்டி ஏற்றினார். புளி கரைந்து கொதித்து வர நேரமானது. அதற்குள் செவ்வந்தி புது இலையை வட்டமாக நறுக்கி, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து வைத்தாள். வெயில் ஏறுவதற்குள் ஒரு தட்டுக்குத்தான் நேரம் இருந்தது. தாளிப்பைச் சட்டியில் கொட்ட வேண்டாம், தட்டில் குழம்பு விட்டபிறகு அதன் மேலேயே ஊற்றுங்கள் என்று கேட்டாள். அப்போதுதான் ஆவி ஒரே மூச்சில் எழும். பிறகு, இத்தனை நாள் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். தாளிப்பில் போடுகிற வெங்காய வடகம் பொரிகிற வாசம் எப்படி இருக்கும்?

மெஹராஜ் பேகம் கரண்டியோடு நின்றுவிட்டார். தினம் நுகர்கிறதை யார் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்? யோசித்து யோசித்துச் சொன்னார். முதலில் வெங்காயம் வெயிலில் காய்ந்த மாதிரி ஒரு இனிப்பு. அது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். பிறகு கடுகு, மூக்கில் குத்தும். கடைசியில் கறிவேப்பிலை, மழை விட்ட தோட்டத்துக் கதவைத் திறந்தால் வருமே, அது. புளியும் மீனும் அடியிலேயே இருக்கும், மேலே வராது. அதைக் கேட்டுக்கொண்டே செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள். எது மேலே, எது அடியில் என்று அவளுக்கு இடம் புரிந்தது. மீனைக் குழம்புக்குள் பாதி தாழ்த்தினாள். வடகமும் கறிவேப்பிலையும் மட்டும் மேலே, ஒரு பக்கமாகச் சரிந்து விழட்டும் என்றாள். வேறு அலங்காரமே வேண்டாம்.

தாளிப்புக் கரண்டி சீறியது. மெஹராஜ் பேகம் ஊற்றிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டு, மூக்கை நீட்டி நின்றார். "இரு... கடுகு... இரு..." என்றார். பிறகு மெதுவாக, "இப்ப," என்றார்.

அந்தப் படம்தான். பொரிந்த வடகம் எண்ணெயில் மினுமினுக்க, பச்சை இலை மேல் ஆவி வெள்ளையாக எழுந்து, பாதியில் கலைந்துபோகிற படம். நீலம் இல்லை.

உட்கார்ந்து சாப்பிடு என்று அதே தட்டை அவள் முன்னால் நகர்த்திவிட்டு, மெஹராஜ் பேகம் போனை எடுத்தார். பக்கத்து ஊரான சிக்கலில் ஹோட்டல் வைத்திருக்கிற கமருன்னிஸாவுக்குத்தான் பேசுகிறார் என்று பெயர் சொன்னதும் புரிந்தது. செவ்வந்தி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஆமா, நல்லா எடுத்திருக்கா, அனுப்புறேன் பாரு. உன் கடைக்கும் இவளையே கூப்பிடு. ஒண்ணு மட்டும், இவளுக்கு வாசம் தெரியாது. அடுப்பை இவகிட்ட விட்டுட்டு எங்கயும் போயிடாத. பக்கத்துல நின்னு என்ன மணக்குதுன்னு சொல்லிக்கிட்டே இரு, மீதியை அவ பாத்துக்குவா."

போனை வைத்தார். நாளை மறுநாள் சிக்கலுக்கு வரச் சொல்கிறாள் என்றார். செவ்வந்தி தட்டின் மேல் உள்ளங்கையைக் காட்டினாள். இன்னும் சூடு இருந்தது. அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.