செம்மண்ணும் மடிக்கணினியும்

மலாக்காவின் தங்கா பத்துவில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த கட்டுமான சைட்டுக்கு எங்கள் முதலாளி தவுக்கே என்னை அனுப்பியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கொண்டுவரத்தான். தூசி, தண்ணீர், அடி எல்லாவற்றையும் தாங்கும் உறுதியான மடிக்கணினி ஒன்று வாங்கலாமா, அல்லது அதே செலவில் சாதாரண மடிக்கணினி இரண்டும் அவற்றை வைக்க நல்ல பெட்டி இரண்டும் வாங்கலாமா? கணினிக் கல்வியை அப்போதுதான் முடித்திருந்த எனக்கு அந்த உறுதியான மாடல்மீது கொள்ளை ஆசை. மெக்னீசிய உடம்பு, அதிர்வைத் தாங்கும் மெத்தையில் உட்கார்ந்திருக்கும் ஹார்ட் டிஸ்க், கேபிள் செருகும் வாயில்களுக்கெல்லாம் ரப்பர் மூடி. விளம்பரத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் வாங்கினால் அது சர்வேயர் அண்ணனுக்குத்தான் போகும். சைட் கிளார்க் அக்காவுக்குக் கிடைக்காது. வேலை முடிந்ததும் அக்கா மலாக்கா டவுன் ஆபீசுக்குப் போய் அன்றைய அறிக்கையைத் தட்டச்சு செய்துவிட்டு, தன் ஊரான புலாவ் செபாங்குக்குக் கடைசி பஸ் பிடிப்பார். வீடு சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். சைட்டிலேயே ஒரு மடிக்கணினி இருந்தால் அறிக்கையை டிஸ்கெட்டில் போட்டு லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிடலாம்.

கடையிலிருந்து சாதாரண மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் இரண்டு வாங்குவது என்று தவுக்கே சொல்லியிருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை அழித்த நிலம் அது. லாரி ஒன்று போனாலே செம்மண் எழும்பும், சைட் ஆபீசாக இருந்த கபினின் மேசையில் விரலால் பெயர் எழுதலாம்.

மூன்றாம் நாள் மதியம் திரை அப்படியே நின்றுபோனது. நான் போவதற்குள் சர்வேயர் அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"நான்தான் சொன்னேன்லா. இது ஆபீஸ் பொருளு. தூசி உள்ள போயிருச்சு."

அக்கா தன் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கணினியைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன், தோசைக்கல் சூடு. அப்போதுதான் கவனித்தேன். விசைப்பலகையிலிருந்து அடிப்பக்கம் வரை கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுற்றி, ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டு டிவி ரிமோட்டும் அந்தக் கோலத்தில்தான் இருக்கும். புது சோபாவின் பிளாஸ்டிக்கை வருஷக்கணக்கில் உரிக்காத குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

"புது சாமான்தானே தம்பி," என்றார் அக்கா. "அழுக்காயிரக்கூடாதுன்னு சுத்தினேன். கெட்டுப்போச்சா?"

பிளாஸ்டிக்கைக் கழற்றினேன். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஆனால் பக்கவாட்டில் சூட்டைத் தள்ளும் காற்றாடி மூச்சுவிடும் துளைகள் முழுக்க அடைபட்டிருந்தன. உறுதியான மாடலில் காற்றாடியே கிடையாது, உலோக உடம்பு வழியாகச் சூடு வெளியேறும், அதனால் அதற்குத் துளையே தேவையில்லை. இதன் துளைகளை மூடினால் அவிந்துவிடும். ஆறவைத்து மறுபடி முடுக்கினோம். ஓடியது. அக்கா விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது.

அதோடு முடியவில்லை. எந்தப் பெட்டியும் மூடியிருக்கும்போதுதான் காக்கும், வேலை செய்யத் திறந்துதானே ஆகவேண்டும்? வெளியே செம்மண்ணில் திறந்துவைத்தால் காற்றாடியே தூசியை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். அண்ணன் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால் அவரிடமே கேட்டேன், வெளியில் இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று.

அளந்த புள்ளிகளை எடுக்கணும் என்றார். அவை அளவைக் கருவியின் நினைவகத்திலேயே பதிவாகின்றனவே என்றேன். கேபிள் போட்டு இறக்கணும் என்றார். எங்கே என்றேன். கபினில்தான் என்றார். சாப்பிட கபினுக்கு வரும்போதுதான் இறக்குவார், அன்று குறிக்க வேண்டிய புள்ளிகளைக் காலையில் கபினிலேயே ஏற்றிக்கொள்வார்.

"பக்கத்து சைட்டுல ஒருத்தன் அந்த மாடல் வெச்சிருக்கான்," என்று மெதுவாகச் சொன்னார். "வேணும்னே கீழ போட்டு, எடுத்துக் காட்டுறான்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் சட்டைப் பைக்குள்ளும் அதே ஆசைதானே மடிந்து கிடந்தது. அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டா வாங்கச் சொல்லு தம்பி. தவுக்கேகிட்ட நானும் பேசுறேன். வெளிய தூக்கிட்டுப் போக மாட்டேன்."

அவர் பேசினால் தவுக்கே கேட்பார். கேட்டார். இரவல் கணினி இரண்டு வாரம் தாக்குப்பிடித்ததும் இரண்டு வாங்கித் தந்தார். தூசி வராமல் மேசையைக் கதவிலிருந்து தள்ளிப் போட்டோம். விசைகளுக்கு மட்டும் மெல்லிய உறை, துளைகளுக்கு வாரம் ஒருமுறை தூரிகை, இடம் மாற்றும்போது நிறுத்தி, மூடி, கெட்டிப் பெட்டிக்குள். திறந்த வெளியில்தான் வேலை என்றால் நான் இன்றும் உறுதியான மாடலைத்தான் சொல்வேன். அங்கே அது தேவைப்படவில்லை.

புதுக் கணினிகள் வந்த முதல் நாள் ஐந்து மணிக்கு டிஸ்கெட்டை லாரி டிரைவரிடம் கொடுத்துவிட்டு அக்கா பெட்டியைப் பூட்டினார். கழற்றிய பிளாஸ்டிக்கை வீணாக்காமல் கால்குலேட்டருக்குச் சுற்றியிருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார், கொஞ்சம் வேகமாகவே.