நான் இரைச்சல் என்று நீக்கிய சுருதி

பிசிறு எடுக்காத ஒரு உருப்படிகூட என் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புத்தியை எங்கே கொண்டு போய் வைப்பது? வீட்டில் கிடந்த கேசட்டுகள் மேல் வைத்தேன்.

நூற்றுச் சொச்சம் கேசட். ஒவ்வொரு பாட்டையும் போனில் தேடிப் பார்த்தேன். கிடைத்தவற்றை ஒதுக்கிவிட்டேன், கிடைக்காதவற்றை மட்டும் லேப்டாப்புக்கு மாற்றுவது என்று முடிவு. பழைய டூ இன் ஒன் ரேடியோ டேப்பின் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புது பெல்ட் போட்டேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தேன். ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர். ஒரு மணி நேர கேசட் என்றால் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், அவசரப்படுத்த வழியே இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

இதைக் கேள்விப்பட்டு மச்சான் ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்பினார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், திருமழிசையில் இருக்கிறார். எங்கள் கிறிஸ்தவ சபையில் இளைஞர்களாக இருந்தபோது பாடகர் குழு சேர்ந்து வெளியிட்ட கீர்த்தனை கேசட் அது. பாட்டெல்லாம் எங்கள் உபதேசியார் எழுதியவை. இருநூறு பிரதிதான் போட்டோம். நானும் பாடினேன். ஆனால் என் பிரதி வீடு மாறும்போது தொலைந்துபோனது, மற்றவர்களிடமும் இல்லை. இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது மச்சானுடைய கேசட் ஒன்றுதான் என்று சொல்லலாம்.

அதைப் பதிவு செய்தேன். முதல் பாட்டு தொடங்குமுன் எட்டு விநாடி வெறும் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம், கூடவே டேப்பின் 'ஸ்ஸ்'. மோட்டார் உறுமல் என்று நினைத்தேன். சாஃப்ட்வேரில் இரைச்சல் நீக்க ஒரு வசதி உண்டு. இரைச்சல் மட்டும் இருக்கும் இடத்தை மாதிரிக்குக் காட்டினால், கேசட் முழுவதிலும் அதைத் தேடித் தேடிக் குறைத்துவிடும். அந்த எட்டு விநாடியைக் காட்டினேன். அடடா, என்ன சுத்தம்! குரல்கள் மட்டும் கொஞ்சம் தகரம் மாதிரி ஒலித்தன. பழைய கேசட், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். லேப்டாப்பில் இடம் அடைத்ததால் முதலில் எடுத்த பதிவை அழித்தும்விட்டேன்.

பழைய குழுவினரின் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆளாளுக்குக் கைதட்டல் படம், கும்பிடு படம். மச்சான் மட்டும் ஒன்றும் போடவில்லை. அவர் அந்தக் குழுவில் ஒரு நாளும் ஒரு எழுத்து எழுதியவர் இல்லை, அதனால் நானும் கவலைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு, பூந்தமல்லியில் பஸ் மாறி வந்து நின்றார்.

"மாப்ள, போன்ல சரியா கேக்கல. பெரிய ஸ்பீக்கர்ல போடு" என்றார்.

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலாவது பாட்டில் இரண்டாவது சரணம் வந்ததும் ஒரு விரலைத் தூக்கினார். "இரு, இப்ப வரும்."

பாட்டு முடிந்தது. விரல் அப்படியே நின்றது.

"எங்க மாப்ள அது?"

"எது மச்சான்?"

"சுருதி. இந்த எடத்துல சுருதி நிக்கும். நான்தான போட்டேன்? கொசு கடிச்சுது, தட்டப் போனேன், பெட்டி நின்னுபோச்சு. மறுபடி எடுக்க நேரமில்லன்னு அப்படியே உட்டுட்டாங்க. உபதேசியார் இன்னா திட்டு திட்டுனாரு, நெனப்பில்லையா?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மச்சானுக்குப் பாட வராது. எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் தன் வழியில் இறங்கிப் போய்விடுவார். நாங்கள் கேலி செய்வோம். குழுவை விட்டுப் போகவும் மனம் இல்லாமல் நின்றவரிடம் உபதேசியார் சுருதிப் பெட்டியைக் கொடுத்தார். கேசட் அட்டையில் பாடியவர்கள், தபேலா, வயலின் எல்லார் பெயரும் உண்டு. சுருதிப் பெட்டி போட்டவர் பெயர் இல்லை. அவர் அந்த கேசட்டில் இருந்தார் என்பதற்கு இருந்த ஒரே அடையாளம் அந்த 'ம்ம்ம்'.

தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். "அது இரைச்சல் மாதிரி கேட்டுச்சு மச்சான்! யாருக்குத் தெரியும்? சாஃப்ட்வேரை வெச்சு எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கேன், அதப் பாக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து என் மனைவிதான் சொன்னாள்: "முப்பது வருஷமா கம்பெனில ரிஜெக்ட் பண்ணது பத்தலன்னு, இப்ப எங்க அண்ணனையும் ரிஜெக்ட் பண்ணிட்டீங்களா?"

வெட்கமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு கேசட்டை எடுத்து மறுபடி போட்டேன். இரண்டு பாட்டு நன்றாக ஓடியது. மூன்றாவது பாட்டில் சத்தம் தேய்ந்து, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் ஆனது. நிறுத்தி வெளியே எடுத்தால், டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து கழன்று விழுந்திருந்தது. முதல் பதிவை அழித்தாகிவிட்டது, இருப்பது இந்த நாடா ஒன்றுதான்.

"போச்சா மாப்ள?" என்றார் மச்சான். அந்தக் குரலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

"போவல. கம்முனு லைட் புடிங்க."

அவர் போன் வெளிச்சத்தைப் பிடித்தார். நல்லவேளை, ஒட்டி மூடாமல் ஐந்து திருகாணி போட்ட கேசட். வீட்டில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கேசட் ஒன்று, அதைக் கேட்டு யாரும் ஒரு நாளும் ஆங்கிலம் பேசாமல், கிடந்தது. அதன் கூட்டைக் கழற்றி அதன் நாடாவை ஓரமாக வைத்தேன். மச்சானின் இரண்டு சுருளையும் நாடா முறுக்காமல் தூக்கி அதில் உட்கார வைத்து, மூலையில் இருந்த உருளைகளைச் சுற்றி ஓட்டி, மூடித் திருகினேன். பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது.

முதலிலிருந்து ஓடவிட்டேன். 'ஸ்ஸ்' இருந்தது, 'ம்ம்ம்' இருந்தது. குரல்களில் தகரம் இல்லை. சுருதியைப் பிடுங்கியபோது அதோடு சேர்ந்து நின்ற குரல்களையும் நான் சுரண்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. நாலாவது பாட்டு, இரண்டாவது சரணம். மச்சான் விரலைத் தூக்கினார். சுருதி நின்றது. ஒன்று, இரண்டு. திரும்ப வந்தது.

அவர் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் லேப்டாப்பைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

ஒரு இடத்திலும் கை வைக்காமல் அந்தப் பதிவை அப்படியே குழுவுக்கு அனுப்பினேன். பென் டிரைவில் ஒன்று, மகள் கணினியில் ஒன்று என்று பிரதியும் எடுத்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் குழுவில் ஒருத்தர் எழுதிவிட்டார்: "முதலில் அனுப்பியதே தேவலை. இதில் ஒரே இரைச்சல். நாலாவது பாட்டில் நடுவே என்னவோ நிற்கிறது, டேப் கெட்டுவிட்டதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் எழுத போனை எடுத்தேன். அதற்குள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த மச்சானிடமிருந்து, அந்தக் குழுவில் அவருடைய முதல் வரி வந்து விழுந்தது.

"டேப் நல்லா கீது. கொசு கடிச்சுது. அது நான்தான்."