முதல் மெசேஜே ‘ஹாஹா’

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். மும்பை செம்பூரில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை எனக்கு. வருகிறவர்களை உட்கார வைப்பது, ஃபைல் எடுப்பது, ஆஸ்பத்திரி போனில் வரும் வாட்ஸ்அப் மெசேஜ்களுக்குப் பதில் போடுவது எல்லாம் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் அதைச் சொல்லிக்காட்டாதவர்கள் கிடையாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மாட்டுங்காவில் வளர்ந்தேன், பள்ளியில் தமிழ் படித்தேன். அந்தப் பெருமை எப்போதும் உண்டு. அதனால் தாராவியில் இலவச முகாம் போட முடிவானதும், தமிழ் பேனருக்கான வாசகத்தை நானே போனில் தட்டி அச்சகத்துக்கு அனுப்பினேன். அச்சடித்தவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அனுப்பியதை அப்படியே அடித்துவிட்டார். பேனரில் பெரிய கண் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘இலவச மண் பரிசோதனை முகாம்’.

நான் கண் என்றுதான் தட்டினேன். போன் தானாக மண் என்று திருத்தியிருக்கிறது. ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், படிக்கவில்லை.

எங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆனாலும் படித்தவர் ஒருவர் போதுமே. முகாம் நல்லபடியாக முடிந்த பிறகு யாரோ பேனரைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட, அது தாராவி, கோவண்டி, திலக் நகர் என்று சுற்றி வந்தது. பேனரின் அடியில் எங்கள் வாட்ஸ்அப் நம்பர் இருந்தது. அவ்வளவுதான். வணக்கம் இல்லை, பெயர் இல்லை, எதற்கு என்று இல்லை. முன்பின் தெரியாத நம்பர்களிலிருந்து முதல் மெசேஜே ‘ஹாஹா’. சிலர் ‘லோல்’. இங்கிலீஷ் எழுத்தில், அது மட்டும்.

இதற்கு என்ன பதில் போடுவது? முதலில் எங்கள் வழக்கமான பதிலைப் போட்டேன். வணக்கம் சொல்லி, பெயர், வயது, எந்தக் கண்ணில் தொந்தரவு என்று நாலு வரி கேட்கும் பதில் அது. போட்டதும் எல்லாரும் காணாமல் போனார்கள். அடுத்து வெறும் கேள்விக்குறி போட்டேன். அது எனக்கே முறைக்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பதிலாக இன்னும் இரண்டு ‘ஹாஹா’ வந்தன. சும்மா விட்டாலும் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு ‘ஹாஹா’வும் என் தமிழைப் பார்த்துச் சிரிக்கிறது என்றே தோன்றியது.

அப்படி எரிச்சலில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இன்னொரு புது நம்பரிலிருந்து ‘ஹாஹா’ வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “இது ஆஸ்பத்திரி. சிரிப்பதற்கு வேற இடம் பாருங்கள்” என்று தமிழில் தட்டி அனுப்பினேன். அந்த நம்பரை பிளாக்கும் செய்தேன். அன்று மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

முகாமில் கண்புரை என்று கண்டுபிடித்தவர்களுக்கு அந்த வியாழக்கிழமை ஆபரேஷன் ஏற்பாடாகியிருந்தது. வெளியிலிருந்து ஒரு டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். புதன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்லாதவரின் இடம், காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை போன் செய்து கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. புதன்கிழமை நாலரைக்குப் பட்டியலைப் பார்த்தேன். ஒரே ஒருவர் மட்டும் பாக்கி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் மெஷினில் உட்காருகிறவர். ஐம்பது வயது இருக்கும். வலது கண்ணில் புரை முற்றிப்போய், ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, இப்படியே போனால் மெஷினை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று முகாமில் என்னிடமே சொன்னவர்.

ஆஸ்பத்திரி லேண்ட்லைனில் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம். நாளைக்கு வருகிறீர்களா, ஏன் பதிலே போடவில்லை என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார்.

“நீங்கதான் வேற எடம் பாக்கச் சொல்லிட்டியளே மேடம்.”

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யார் சொன்னது என்று அதட்டலாகவே கேட்டேன்.

“வாட்ஸ்அப்புலதான். எனக்கு எழுத்து சரியாத் தெரியல, மகதான் வாசிச்சா. ஆஸ்பத்திரி, வேற எடம் பாருங்கன்னு போட்டிருக்குன்னா. சரி, நமக்கு இல்லன்னு லீவ வேண்டாம்னுட்டு வேலைக்கு வந்துட்டேன்.”

என் கை தானாக வாட்ஸ்அப் போனை எடுத்தது. பட்டியலில் இருந்த நம்பரை, பிளாக் செய்த நம்பர்களோடு ஒப்பிட்டேன். அதே நம்பர். செவ்வாய்க்கிழமை காலை, ‘ஹாஹா’.

ஏன் அப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“போன்ல ஒரு பொம்பள இந்தியில சொல்லிச்சே மேடம். வாறதா இருந்தா இந்த நம்பருக்கு ஹான்னு எழுதி அனுப்புங்கன்னு. ஒண்ணு போட்டா வந்து சேராம போயிருமோன்னு ரெண்டாப் போட்டேன். ஹா, ஹா. வாரேன், வாரேன்னு.”

அவர் சொன்னது எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போகும் பதிவு செய்த குரல்தான். அது போனில் பேசிவிட்டு வைத்துவிடும். வாட்ஸ்அப்பில் அதன் சுவடே இருக்காது. கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். அதனால் என் கண்ணுக்கு அது முதல் மெசேஜ். அவருக்கு அது பதில். இந்தியில் ஆமாம் என்பதை மும்பையில் எல்லாரும் இரண்டே இங்கிலீஷ் எழுத்தில் ‘ஹா’ என்றுதான் தட்டுவார்கள். நானே என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படித் தட்டுகிறேன். அது இரண்டு தடவை ஒட்டி வந்ததும் எனக்குச் சிரிப்பாகத் தெரிந்துவிட்டது. நம்பரைப் பட்டியலோடு ஒரு நிமிஷம் ஒத்துப் பார்த்திருந்தாலும் போதும்.

மறைக்க மனசு வரவில்லை. நீங்கள் கேலி செய்து சிரிக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கண்ணு மங்கிக் கெடக்கேன், நான் எதப் பாத்து மேடம் சிரிக்கப் போறேன்?”

வெட்கத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செவ்வாய் ராத்திரி மறுபடியும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டதாகவும், ஒரு டிக்தான் விழுந்தது என்றும் சொன்னார். உடனே பிளாக்கை எடுத்தேன். ஆனால் பிளாக்கில் இருக்கும்போது அனுப்பியது, பிறகு எடுத்தாலும் வந்து சேராது. அவர் என்ன கெஞ்சினாரோ, எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் காலையிலிருந்தே சொட்டு மருந்து விட வேண்டும். ஆபரேஷன் இல்லை என்று நினைத்து அவர் விடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போதே ஆரம்பித்து எத்தனை மணிக்கு ஒருமுறை விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பை தைக்கிறவரைப் பட்டியலில் கடைசியாக வைக்கச் சொன்னார். பட்டறை முதலாளியிடம் நானே பேசி, போன லீவை மறுபடி வாங்கினேன். வியாழக்கிழமை கடைசி ஆளாக அவருக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்தபோது நன்றாகத் தெரிகிறது என்றார். என்னைப் பார்த்து, நீங்கதானா மேடம் அது என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே உட்கார்ந்து, பதில் போடாமல் விட்டிருந்த எல்லா ‘ஹாஹா’க்களையும் ‘லோல்’களையும் திறந்தேன். என்ன பதில் பொருந்தும் என்று நிறைய யோசித்தேன். சிரித்துக்கொண்டு வருகிறவரிடம் எடுத்ததும் பெயர், வயது கேட்டால் ஓடிவிடுவார். காரணம் தெரிந்த மாதிரி நானும் கூடச் சிரித்தால் அது பொய். கோபப்பட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரே வரி எழுதினேன். “ஹா ஹா! மண் பேனர் என் கைவேலைதான். சிரிப்பா, இல்லை ‘வர்றேன்’னு சொல்ற ஹா-வா?” தமிழ் படிக்க வராதவர்களுக்காக அதையே இங்கிலீஷ் எழுத்திலும் தட்டினேன்.

பாதிப் பேர் பதில் போடவில்லை. சிலர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். இரண்டு பேர் மட்டும் பேச்சைத் தொடர்ந்தார்கள். அவர்களில் வெறும் ‘லோல்’ போட்ட ஒரு பெண், மண் மட்டும்தானா, கண்ணும் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டு, அப்பாவுக்குக் கொஞ்ச நாளாகப் பார்வை மங்கலாக இருக்கிறது என்று எழுதினாள். எடுத்ததும் அதைக் கேட்கத் தயக்கமாக இருந்ததாம், அதனால்தான் சிரித்தாளாம். அப்பாவை அடுத்த வாரமே அழைத்து வந்தாள்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு நாள் காலையில் தோல் பை தைக்கிறவரின் நம்பரிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. ‘ஹாஹா’.

எனக்குப் பதறிவிட்டது. மறு பரிசோதனைக்கு வரச் சொல்லி எங்கள் பதிவுக் குரல் கூப்பிட்டிருக்குமோ, அதற்கு வருகிறேன் என்கிறாரோ என்று பட்டியலைத் தேடினேன். அவர் பெயர் இல்லை. இந்தத் தடவை நானாக எதையும் முடிவு செய்யாமல், வர்றேன்னு சொல்ற ஹா-வா, சிரிப்பா என்று கேட்டு எழுதினேன்.

பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. எல்லா பேனரையும் எடுத்தாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். அவர் பட்டறைச் சந்தில் ஒன்றை மட்டும் யாரோ கூரைக்குப் போட்டிருந்தார்கள். பெரிய கண், அதன் கீழே என் மண். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“அன்னைக்கு யாரோ சொல்லித்தான் முகாமுக்கு வந்தேன். இன்னைக்குத்தான் மேடம் நானே வாசிச்சேன். இது சிரிப்புதான்.”

இப்போதும் முன்பின் தெரியாத நம்பரிலிருந்து வெறும் ‘ஹாஹா’ வந்தால், நான் முதலில் நம்பரைப் பட்டியலில் தேடுகிறேன், பிறகு அதே ஒரு வரியைப் போடுகிறேன். அந்தப் பக்கம் சிரிக்கிறார்களா, வருகிறேன் என்கிறார்களா என்று கேட்காமல் எனக்குத் தெரியாது என்பதை, ஒரு தடவை கிட்டத்தட்ட ஒருவரின் கண்ணை விலையாகக் கொடுத்து நான் தெரிந்துகொண்டேன்.