பித்தளைப் பம்பரத்தின் தலையாட்டம்

பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பேச்சித்தாய் டீச்சருக்கு ஐந்தாவது வருஷம். பனவடலிசத்திரத்துக்காரி. ஊரில் முதல் எம்.எஸ்ஸி. பிளஸ் டூ வந்த காலத்தில் வேலையில் சேர்ந்து, இயற்பியல் ஆய்வகத்தில் ஒவ்வொரு திருகாணியும் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவள்.

எண்பத்துமூன்றில் இன்னொரு இயற்பியல் டீச்சராகக் கதீஜா வந்தாள். தினமும் கடையநல்லூரிலிருந்து ரயிலில் வருவாள். வந்த மாசமே பிள்ளைகள் கேட்டருகே அவளுக்காகக் காத்து நின்றார்கள். பேச்சித்தாய்க்காக யாரும் அப்படி நின்றதில்லை. கதீஜாவின் வகுப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நின்று கேட்கவும் ரோஷம் விடாது.

அறிவியல் கண்காட்சிக்காக கதீஜா ஒரு பம்பரம் செய்துகொண்டு வந்தாள். விசைத்தறி உதிரிபாகம் கடைந்து தரும் லேத் பட்டறையில் செய்த கனமான பித்தளை வட்டு. நடுவே எஃகுக் கம்பி, அதன் அடிக்கூர் ஒரு கிண்ணக் குழியில் உட்காரும். கயிற்றைச் சுற்றி இழுத்துவிட்டு, சாய்த்துப் பிடித்துக் கையை எடுத்தால், விழாமல் மெதுவாக வட்டமிடும். தலைமையாசிரியை பார்க்க வந்தபோது அப்படித்தான் விட்டாள். வட்டமிட்டது. ஆனால் கம்பியின் நுனி போகிறபோக்கில் சன்னமாக மேலும் கீழும் தலையாட்டியது.

பேச்சித்தாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“கம்பி கோணியிருக்கு டீச்சர். லேத்துக்காரன் ஏமாத்திட்டான்” என்றாள்.

“இல்ல டீச்சர், அது அப்பிடித்தான் ஆடும்னு நினைக்கேன்.”

“ஏன் ஆடணும்?”

கதீஜாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைமையாசிரியை, “கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருதாங்க. சரியில்லன்னா வைக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அழுகையை அடக்கிக்கொண்டு கதீஜா ரயிலுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் பேச்சித்தாய் ஆய்வகத்திலேயே இருந்தாள். கோணலை நிரூபித்துவிட வேண்டும். கம்பியை நிமிர்த்திப் பிடித்து, நுனியருகே பென்சிலை வைத்து மெல்ல உருட்டினாள். இடைவெளி மாறவே இல்லை. கம்பி நேராக இருந்தது.

எரிச்சலோடு கயிற்றைச் சுற்றி இழுத்தாள். வேகமாகச் சுற்றவிட்டால் தலையாட்டம் சிறிதாகவும் படபடவென்றும் இருந்தது. சுழற்சி குறைவாக இருந்தால் ஆழமாக, நிதானமாக ஆட்டியது. ஒரு தடவை கையை எடுக்கும்போது, பம்பரம் போகும் திசையிலேயே விரல் லேசாகத் தள்ளிவிட்டது. ஆட்டமே இல்லை! வழுக்கிக்கொண்டு போவதுபோல வட்டமிட்டது. அதே கம்பி, அதே வட்டு.

முக்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். புரிந்தது. கதீஜா சொன்னது சரி. அது புரிந்ததும் வயிறு இன்னும் எரிந்தது. மறுநாள் அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

கதீஜா லேத்துக்காரரிடம் போய்க் காட்டி, கம்பி நேர்தான் என்று கேட்டுவந்து, தலைமையாசிரியையிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாள்.

கண்காட்சியன்று அதிகாரி குனிந்து பார்த்தார். “சுத்திக்கிட்டே எதுக்கும்மா தலையாட்டுது?”

பிள்ளைகள் கதீஜாவின் முகத்தையே பார்த்தார்கள்.

“நான் சொல்லுதேன் சார்” என்று பேச்சித்தாய் முன்னால் வந்தாள். உதவ வரவில்லை, இடத்தைப் பிடிக்க வந்தாள். “பிடிச்சிருக்கையில கம்பி நிக்குது. கையை விட்டதும் எடை இழுக்குது, கொஞ்சம் கீழ சாயுது. சாயும்போதே சுழற்சி அதைப் பக்கவாட்டுல திருப்புது. அந்த வேகம் தேவைக்கு மேல ஏறிருது. ஏறின வேகம் கம்பியை மேல தூக்கிரும். மேல வந்ததும் வேகம் போயிரும், திரும்பவும் சாயும். அதான் தலையாட்டம். அடியில இருக்க உராய்வு கொஞ்ச நேரத்துல அதை அடக்கிரும். தேவையான பக்கவாட்டு வேகத்தை நாமளே குடுத்துவிட்டா, சாயவே வேண்டாம். பாருங்க.”

மறுபடி சுழற்றிச் சாய்த்துப் பிடித்து, கையை எடுக்கும்போதே விரலால் அளவாகத் தள்ளிவிட்டாள். பம்பரம் ஆடாமல் வட்டமிட்டது. அதிகாரி கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பேச்சித்தாய் நிமிர்ந்து கதீஜாவைப் பார்த்தாள். தோற்ற முகத்தைப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

கதீஜாதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லாட்டி இன்னைக்கு என் மானம் போயிருக்கும் டீச்சர்! எனக்கும் அந்தத் தள்ளு வருதான்னு பாக்கட்டா?”

அவள் தள்ளினாள். வேகம் கூடிப்போய், கம்பி முதலில் மேலே எழும்பிப் பின் தலையாட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். “டீச்சர், நான், நான்” என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அதிகாரி பேச்சித்தாயின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவள் சொன்னாள். காதெல்லாம் அந்தச் சிரிப்பில்தான் இருந்தது.